அநியாய ரெவ்யூவுக்குப் பதில்: நீண்ட விளக்கமா, நாலு வரியா?

அப்வொர்க் என்ற ஃப்ரீலான்ஸ் தளத்தில் எனக்குக் கிடைத்தது, எட்டு நிமிட யூடியூப் வீடியோவை எடிட் செய்யும் வேலை. ஃபுட்டேஜ் வந்ததிலிருந்து நாலு நாள், இரண்டு முறை திருத்தம் என்று பேச்சு. ஃபுட்டேஜே மூன்று நாள் தாமதமாக வந்தது. மூன்றாவது திருத்தத்துக்குத் தனிக் கட்டணம் என்றதும் 2 நட்சத்திரம் விழுந்தது: "தாமதம். திருத்தம் கேட்டால் மறுக்கிறார்."

பேசாமல் விடுவது ஒரு வழி. நல்ல ரெவ்யூ ஐம்பது இருந்தால் அதுவே போதும். ஐந்தாறுதான் இருக்கிறது என்றால் இது ஒன்றுதான் கண்ணில் படும்.

அடுத்தது, நடந்ததை எல்லாம் வரிசையாக எழுதிவிடுவது. கை பரபரக்கும். ஆனால் பதில் யாருக்கு என்று பார்க்க வேண்டும். அந்தக் கிளையண்ட் திரும்ப வரப்போவதில்லை. நட்சத்திரமும் மாறாது, அப்வொர்க்கில் கிளையண்ட் தனியாக, நம் கண்ணில் படாமல் கொடுக்கும் மதிப்பீட்டையும் பதில் தொடாது. மிச்சம் இருப்பவர் அடுத்து வேலை கொடுக்க வருபவர். அவருக்கு நம் சண்டையின் முன்கதை தெரியாது. 'நாளைக்கு எனக்கும் இவருக்கும் தகராறு வந்தால் இப்படித்தான் எழுதுவாரோ' என்றுதான் யோசிப்பார். இருபது வரி விளக்கத்தில் நியாயம் முழுக்க நம் பக்கம் இருந்தாலும் அந்த யோசனை போகாது.

அதனால் நான் எழுதியது நாலே வரி. ஆங்கிலத்தில் போட்டதன் சாரம் இது:

"வாய்ப்புக்கு நன்றி. ஃபுட்டேஜ் 9ஆம் தேதி கிடைத்தது, முதல் வடிவத்தை 13ஆம் தேதி, பேசிய நாலு நாளுக்குள் கொடுத்தேன். ஒப்பந்தத்தில் இருந்த இரண்டு திருத்தங்களும் முடிந்தன. கூடுதல் திருத்தத்துக்கான கட்டணத்தை இப்போது ப்ரொபோசலிலேயே குறிப்பிடுகிறேன்."

'நீங்கள் தாமதமாக அனுப்பினீர்கள்' என்று எழுதியிருந்தால் அது குற்றச்சாட்டு. தேதி மட்டும் இருந்தால் படிப்பவரே கணக்குப் போட்டுக்கொள்வார். 'பொய்', 'அநியாயம்', 'வருத்தமாக இருக்கிறது' மூன்றையும் அடித்துவிட்டேன். மன்னிப்பும் கேட்கவில்லை, செய்யாத தாமதத்துக்கு சாரி சொன்னால் ஒப்புக்கொண்டதாகத்தான் படிப்பார்கள். கடைசி வரி முக்கியம்: வருபவருக்கு இதே சிக்கல் வராது என்று அது சொல்லிவிடுகிறது.

இதனால் வேலை வந்ததா என்றால், சொல்லத் தெரியவில்லை. அப்புறம் வந்தவர்கள் யாரும் அந்த ரெவ்யூவைப் பற்றிக் கேட்கவில்லை, அவ்வளவுதான். தவிர, என் விஷயத்தில் காட்டுவதற்குத் தேதி இருந்தது. 'தரம் சரியில்லை' என்று மொட்டையாக எழுதியிருந்தால் இந்த வழி அவ்வளவு எடுபடாது. அப்போது, கேட்ட திருத்தங்கள் இன்னின்னவை, செய்து கொடுத்தேன் என்று ஒரே வரியோடு நிறுத்தியிருப்பேன்.