பைபாஸ் சார்ஜிங் என்று விற்றார்கள், பேட்டரி பாட்டுக்கு ஏறிக்கொண்டிருந்தது

முதல் போன் வீங்கிப்போனதால்தான் இந்தக் கதையே. தினமும் சார்ஜரைச் சொருகியபடியே இரண்டு மணி நேரம் கேம் ஆடுவேன். ஒருநாள் பார்த்தால் பின்மூடி கேமரா பக்கம் நகம் நுழையும் அளவுக்குத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. சர்வீஸ் சென்டரில் "சூடாகிறது சகஜம்தான் சார்" என்று சொல்லிவிட்டு, பேட்டரியை மாற்றக் காசை வாங்கிக்கொண்டார்கள். ஏன் இப்படி ஆனது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. பிறகு நானேதான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன்.

கனமான கேம் ஓடும்போது போன் சுமார் 5 வாட் இழுக்கும். அதில் ஏறக்குறைய எல்லாமே சூடாகத்தான் வெளியே வரும். கையில் பிடித்திருக்கும் ஒரு தட்டைப் பெட்டிக்கு அதை வெளியேற்றுவதே பெரும்பாடு. இதோடு ஃபாஸ்ட் சார்ஜரையும் சொருகினால், பேட்டரிக்குள் 10 வாட் போவதாக வைத்துக்கொள்வோம். அந்த 10 வாட்டும் சூடாகாது, பெரும்பகுதி சேமிப்பாகப் போய்விடும். ஆனால் மின்னழுத்தத்தை மாற்றும் சிப்பில் ஒரு வாட் போல வீணாகும், பேட்டரியின் உள்தடையில் அரை வாட்டுக்கு மேல் போகும். மின்னோட்டம் இரண்டு மடங்கானால் உள்தடையில் வரும் சூடு நான்கு மடங்காகும் என்பதால், சார்ஜர் வேகமாக வேகமாக இந்தப் பங்கு சட்டென்று எகிறும். ஏற்கெனவே திணறிக்கொண்டிருக்கும் பெட்டிக்கு இது போதும். திரை தானாக மங்கும், கேம் திக்கித் திக்கி ஓடும், சார்ஜ் ஏறும் வேகத்தையும் போனே குறைத்துக்கொள்ளும். இதெல்லாம் தெரியாமல் நான் ஆறு மாதம் நெட்வொர்க்கைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

சரி, அடுத்த போனை பைபாஸ் சார்ஜிங் இருப்பதாகப் பார்த்து வாங்குவோம் என்று முடிவு செய்தேன். பைபாஸ் என்றால் சார்ஜரிலிருந்து வரும் மின்சாரம் பேட்டரியைத் தொடாமல் நேராக போனின் சர்க்யூட்டுக்குப் போவது. பேட்டரி ஏறவும் கூடாது, இறங்கவும் கூடாது. கேமின் 5 வாட் சூடு அப்படியேதான் இருக்கும், அதை எந்த பைபாஸாலும் ஒன்றும் செய்ய முடியாது. சார்ஜ் ஏற்றுவதால் வரும் சூடுதான் போகும். விற்றவரிடம் இரண்டு முறை கேட்டேன், "இருக்கிறது, கேம் மோடில் தானாக ஆன் ஆகும்" என்றார்.

வந்த முதல் வாரமே சந்தேகம், பின்பக்கம் பழையபடி கொதித்தது. ஒருநாள் 52 சதவீதத்தில் கேமைத் திறந்து அரை மணி நேரம் ஆடிவிட்டுப் பார்த்தால் 57. உண்மையான பைபாஸாக இருந்தால் 52-லேயே நின்றிருக்க வேண்டும். 5000 மில்லிஆம்பியர்-மணி பேட்டரியில் 5 சதவீதம் என்றால் 250, அது அரை மணியில் ஏறியிருக்கிறது, அதாவது சராசரியாக 500 மில்லிஆம்பியர் உள்ளே போயிருக்கிறது. பேட்டரி மின்னோட்டத்தைக் காட்டும் ஒரு ஆப்பைப் போட்டுப் பார்த்தேன், அதுவும் 500-ஐ ஒட்டியே ஆடியது, பூஜ்யம் பக்கம் வரவே இல்லை. ஆக, கேம் ஆடும்போது சார்ஜைக் கொஞ்சம் மெதுவாக்குகிறார்கள், அவ்வளவுதான், அதற்குத்தான் பைபாஸ் என்று பெயர். திருப்பிக் கொடுக்கப் போனால், "சார்ஜ் மெதுவாகிறதல்லவா, அதுதான் சார் அது" என்று எனக்கே பாடம் எடுத்தார்கள். அதற்குள் திருப்பித் தரும் கெடுவும் தாண்டிவிட்டது.

அதனால் வாங்கிய அன்றே இந்த அரை மணிச் சோதனையைச் செய்துவிடுங்கள். ஆனால் 80 சதவீத வரம்பை வைத்துச் சோதிக்காதீர்கள். சில போன்கள் 80-ல் நிறுத்தி, கொஞ்சம் இறங்கவிட்டு மறுபடி ஏற்றும், மேலோட்டமாகப் பார்த்தால் அது பைபாஸ் போலவே தெரியும். நடுவில், 50, 60-ல் சோதித்தால்தான் குட்டு வெளிப்படும். இன்னொன்று, வசதி உண்மையிலேயே இருந்தும் வேலை செய்யாமல் போகலாம். சில சாம்சங் போன்களில் கேம் பூஸ்டருக்குள் Pause USB Power Delivery என்ற பெயரில் பைபாஸ் இருக்கும், அதற்கு USB Power Delivery வகை சார்ஜர் வேண்டும், பேட்டரியும் 20 சதவீதத்துக்கு மேல் இருக்க வேண்டும். சார்ஜருக்குத் தெம்பு போதாவிட்டால் மீதியை பேட்டரிதான் தரும், சதவீதம் மெல்ல இறங்கும்.

நான் இப்போது என்ன செய்கிறேன் என்றால், ஆடுவதற்கு முன்பே 70 வரை ஏற்றிக்கொள்கிறேன். நடுவில் தேவைப்பட்டால் டிராயரில் கிடந்த பழைய 10 வாட் சார்ஜர். பாதிக்கு மேல் கேமே சாப்பிட்டுவிடும், பேட்டரிக்குப் போவது கொஞ்சம்தான். கூடவே, பின்கவரைக் கழற்றி வைத்துவிடுகிறேன். திரை இப்போது மங்குவதில்லை.