வாமனரின் குடை உடைந்த பிறகு திருத்தி எழுதிய பத்தி: நான்கு நவராத்திரி அனுபவம்

காஞ்சிபுரத்தில் மண் கொலு பொம்மைகளை வாங்கி, நான்கு ஆண்டுகளாக இணையத்தில் விற்று வருகிறேன். ஒவ்வொரு பொம்மையின் விற்பனைப் பக்கத்திலும் பேக்கிங் பற்றி ஒரு பத்தி இருக்கும். இந்த நான்கு ஆண்டுகளில் பொம்மைகளைவிட அதிகம் மாறியது அந்தப் பத்திதான்.

முதல் ஆண்டில் இரண்டே வரிகள்: "மிகக் கவனமாகப் பேக் செய்து அனுப்பப்படும். வழியில் உடைந்தால் நாங்கள் பொறுப்பல்ல." முதல் வரியால் யாருக்கும் எதுவும் தெரியவில்லை. இரண்டாவது வரி தவறு. 2020ஆம் ஆண்டின் மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகளின்படி, இணையச் சந்தையில் விற்பவர் குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்கவோ பணத்தைத் திருப்பித் தரவோ மறுக்கக் கூடாது. உடைந்து போய்ச் சேர்ந்த பொம்மைக்கு, "பொறுப்பல்ல" என்று எழுதிவிட்டதால் பொறுப்பு தீர்ந்துவிடாது.

அந்த ஆண்டு ஒரு தசாவதாரத் தொகுப்பு கோயம்புத்தூருக்குப் போனது. பெட்டியில் கீறல்கூட இல்லை. ஒன்பது பொம்மைகள் முழுதாக இருந்தன. வாமனரின் குடை மட்டும் காம்போடு முறிந்திருந்தது. வாங்கிய அம்மா அனுப்பிய படத்தைப் பார்த்ததும் தவறு என்னுடையது என்று புரிந்தது. பொம்மையைச் சுற்றி பபிள் ராப்பை இறுக்கிக் கட்டியிருந்தேன். உடம்பைவிட்டு நீட்டி நிற்கும் குடையின் மீதுதான் அந்த இறுக்கம் முழுவதும் விழுந்தது. பெட்டி ஒருமுறை தொப்பென்று இறங்கினாலே போதும், மெல்லிய காம்பு முறிந்துவிடும்.

இப்போது குடைக்கும் உடம்புக்கும் இடையிலுள்ள பள்ளத்தை முதலில் பஞ்சாலும் மெல்லிய தாளாலும் நிரப்புகிறேன். பரசுராமரின் கோடரிக்கும் கல்கியின் குதிரைக் கால்களுக்கும் இதே முறைதான். உருவம் தூண்போல ஆன பிறகுதான் பபிள் ராப். ஒவ்வொரு பொம்மைக்கும் தனி அறை வைத்த பெட்டி, அதைச் சுற்றி நான்கு விரல் அகலத்துக்குக் கசக்கிய தாள், அதற்கு வெளியே ஐந்தடுக்கு அட்டைப்பெட்டி. மூடியபின் பெட்டியைக் குலுக்கிப் பார்ப்பேன். உள்ளே ஏதாவது நகர்ந்தால் மறுபடி பிரித்துவிடுவேன். இவ்வளவையும் இப்போது பக்கத்தில் அப்படியே எழுதி, தாள் நிரப்பிய வாமனரின் படத்தையும் சேர்த்திருக்கிறேன். அதன் பிறகு, "பத்திரமாக வருமா?" என்று கேட்டு வரும் தொலைபேசி அழைப்புகள் வெகுவாகக் குறைந்தன.

இரண்டாம் ஆண்டில் வேறொரு பாடம். சில பொம்மைகள் உடைந்தது வழியில் அல்ல, பிரிக்கும்போது. கத்தியை ஆழமாக இறக்குவதும் கையைப் பிடித்துப் பொம்மையை வெளியே இழுப்பதும்தான் காரணம். அதனால் பிரிக்கும் முறையையும் எழுதினேன்: கத்தி டேப் அளவுக்கு மட்டும், பொம்மையைப் பீடத்தில் பிடித்துத் தூக்க வேண்டும், பள்ளத்தில் உள்ள தாளைக் கடைசியில் எடுக்க வேண்டும். பெட்டிக்குள் ஒரு துண்டுச் சீட்டிலும் இதே வரிகள் இருக்கும். பெட்டியைத் திறக்கும் நேரத்தில் விற்பனைப் பக்கம் யார் நினைவிலும் இருக்காது.

உடைந்தால் என்ன செய்வோம் என்ற பகுதியை எழுதத்தான் அதிக நாள் பிடித்தது. தற்போது இப்படி இருக்கிறது: "வந்து சேர்ந்த 48 மணி நேரத்துக்குள் வெளிப்பெட்டி, உள்ளே வைத்திருந்த நிலை, உடைந்த இடம் என மூன்று படங்கள் அனுப்புங்கள். பெட்டியையும் துண்டுகளையும் எறிந்துவிடாதீர்கள். மாற்றுப் பொம்மையா, அந்தப் பொம்மைக்கான பணமா, நீங்களே சொல்லுங்கள். திரும்ப அனுப்பும் செலவு எங்களுடையது." உள்ளே வைத்திருந்த நிலையைக் காட்டும் படம் எனக்காகக் கேட்பது. வெளிப்பெட்டி நசுங்கியிருந்தால் கூரியரில் பட்ட அடி. பெட்டி நன்றாக இருந்து பொம்மை மட்டும் உடைந்திருந்தால் என் கட்டு சரியில்லை.

தேர்வை வாங்குபவரிடமே விட்டதற்குக் காரணம் உண்டு. ஒட்டிய பொம்மையைப் படியில் வைக்கப் பலருக்கு மனம் வராது. "பாதிப் பணம் தருகிறேன், ஒட்டிக்கொள்ளுங்கள்" என்று ஒருவரிடம் முன்பு சொன்னேன். அவர் வருத்தப்பட்டது நியாயம்தான்.

இந்த ஏற்பாட்டுக்கு இரண்டு எல்லைகள் இருக்கின்றன. கையால் வண்ணம் தீட்டுவதால் மாற்றாக வரும் வாமனரின் நீலம், தொகுப்பிலுள்ள ராமரின் நீலத்தோடு அச்சாகப் பொருந்தாது. அதையும் பக்கத்தில் சொல்லிவிடுகிறேன். அடுத்தது நாள். மகாளய அமாவாசைக்குப் படி கட்டிவிடுவார்கள். அதற்குப் 12 நாள் முன்பு வரை வரும் ஆர்டருக்குத்தான் மாற்றுப் பொம்மை கொலுவுக்குள் போய்ச் சேரும். அதற்குப் பிறகு வாங்குபவர்களுக்கு, "உடைந்தால் பணம் மட்டுமே திரும்பும்" என்ற வரி விலைக்குப் பக்கத்திலேயே தெரியும்படி வைத்திருக்கிறேன். அதைப் படித்துவிட்டுச் சிலர் வாங்காமல் போகிறார்கள். போகட்டும்; படி கட்டிய வீட்டில் ஒரு அவதாரத்தின் இடம் காலியாக நிற்பதை நான் விரும்பவில்லை.