7.1-ஐத் தாங்கிய நகரம் 6.2-இல் ஏன் இடிந்தது? ரிக்டர் எண்ணும் அதிர்வின் தீவிரமும்

நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரத்தை ஆறு மாதத்துக்குள் இரண்டு நிலநடுக்கங்கள் உலுக்கின. 2010 செப்டம்பர் 4-இல் வந்தது 7.1, இடிபாட்டில் ஒருவரும் சாகவில்லை. 2011 பிப்ரவரி 22-இல் வந்தது 6.2; 185 பேர் இறந்தார்கள்.

செய்தியில் வரும் 7.1, 6.2 எல்லாம் பூமிக்குள் பாறை முறிந்ததன் பருமனைச் சொல்பவை. எவ்வளவு நீளத்துக்கு முறிந்தது, எவ்வளவு நகர்ந்தது என்பதிலிருந்து கணக்கிடுவதால், ஒரு நடுக்கத்துக்கு ஒரே எண்தான். (பழக்கத்தில் ரிக்டர் என்கிறோம், பெரிய நடுக்கங்களுக்கு இப்போது வேறு கணக்குமுறைதான்.) எண்ணில் ஒன்று கூடினால் ஆற்றல் சுமார் 32 மடங்கு. 7.1-க்கும் 6.2-க்கும் இடையிலான 0.9 வித்தியாசம் ஏறக்குறைய 22 மடங்கு.

தீவிரம் ஊருக்கு ஊர் மாறும். நீங்கள் நிற்கும் இடம் எப்படி ஆடியது என்பதை I முதல் XII வரை ரோமன் எண்களில் குறிப்பார்கள். பாத்திரம் கிலுகிலுத்ததா, சுவர் பூச்சு உதிர்ந்ததா, கட்டடம் விழுந்ததா என்று பார்த்து முடிவு செய்வது. ஒரே நடுக்கத்துக்கு ஓர் ஊரில் IX, அடுத்த மாவட்டத்தில் IV என்று இருக்கலாம். ஆகவே உங்கள் வீடு தாங்குமா என்ற கேள்விக்குத் தீவிரம்தான் பதில் சொல்லும். ரிக்டர் எண் மட்டும் போதாது.

முதல் வேறுபாடு தூரம். செப்டம்பரில் முறிவு தொடங்கிய இடம் நகரத்துக்கு மேற்கே சுமார் 40 கி.மீ. தள்ளி, டார்ஃபீல்டு அருகே. பிப்ரவரியில் நகர மையத்திலிருந்து 10 கி.மீ.-க்குள், அதுவும் 5 கி.மீ. ஆழத்தில். பெரிய நடுக்கத்தில் ஒரு நுணுக்கம் உண்டு: முறிவு ஒரு புள்ளியில் நிற்காது. செப்டம்பரில் வயல்வெளியில் ஏறத்தாழ 30 கி.மீ. நீளத்துக்குத் தரை கிழிந்து, ரோல்ஸ்டன் வரை வந்தது. அப்படியும் நகர மையத்துக்கு இருபது கி.மீ. மிச்சம் இருந்தது. நகர மையக் கருவிகளில் செப்டம்பர் அதிர்வின் உச்சம் புவியீர்ப்பு முடுக்கத்தில் ஐந்தில் ஒரு பங்கை ஒட்டி இருந்தது. பிப்ரவரியில் பாதியை நெருங்கியது. ஹீத்கோட் பள்ளத்தாக்கில் மேலும் கீழுமான ஆட்டம் மட்டுமே ஈர்ப்பைப் போல இரண்டு மடங்கைத் தாண்டியது.

அடுத்தது மண். நகரின் கிழக்குப் பகுதி ஏவன் ஆற்றோரத்து வண்டலும் மணலும். நிலத்தடி நீரும் மேலேயே கிடக்கும். அப்படிப்பட்ட ஈர மணல் குலுங்கினால் துகள்களின் பிடி விட்டு நீர் அழுத்தம் ஏறும். சற்று நேரம் தரை கூழாகி, வீடு ஒரு பக்கம் அமிழும், விரிசல் வழியே சாம்பல் நிறச் சேறு பொங்கும். செப்டம்பரிலும் இது நடந்தது. பிப்ரவரியில் பல மடங்கு. சுவரில் கீறல் இல்லாத வீடுகூட அடித்தளம் சாய்ந்ததால் கைவிடப்பட்டது.

கட்டடமும் நேரமும் மிச்சத்தை முடிவு செய்தன. செப்டம்பரில் அதிகாலை 4.35: மக்கள் மரச்சட்ட வீடுகளில் தூங்கினார்கள், கடைத்தெரு காலி. பிப்ரவரியில் பகல் 12.51: கம்பி இல்லாத பழைய செங்கல் முகப்புகள் நடைபாதையிலும் பேருந்து மேலும் சரிந்தன. அவற்றில் சில செப்டம்பரிலேயே தளர்ந்தவை. ஆனால் அதிக உயிர் போனது 1980-களில் கட்டிய ஆறு மாடி கான்கிரீட் கட்டடம் ஒன்றில்: சி.டி.வி. கட்டடம், 115 பேர். செப்டம்பருக்குப் பின் அதைப் பார்த்து, புழங்கலாம் என்று பச்சை அட்டை ஒட்டியிருந்தார்கள். அவசரப் பார்வையில் தெரிவது புது விரிசல் மட்டுமே. தூண் கம்பியின் குறையும் வடிவமைப்புக் கோளாறும் தெரியாது.

இரவு என்றால் எங்கும் பாதுகாப்பு என்று எண்ண வேண்டாம். 1993 செப்டம்பர் 30 அதிகாலையில் மகாராஷ்டிரத்தின் லாத்தூரில் வந்ததும் 6.2-தான். அங்கே சேற்றில் அடுக்கிய கருங்கல் சுவரும் கனத்த மண் கூரையும் தூங்கியவர்கள் மேல் இறங்கி, ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள்.

எனவே நிலநடுக்கச் செய்தி வந்தால் எண்ணோடு ஆழத்தையும் உங்கள் ஊருக்கான தூரத்தையும் சேர்த்துப் பாருங்கள். அமெரிக்கப் புவியியல் ஆய்வு மையத்தின் ShakeMap படம் தீவிரத்தை நிறத்தில் காட்டும். முதல் சில நிமிடங்களில் வரும் எண் பின்னர் சற்றே மாறுவதும் சகஜம்.

எண்ணே முக்கியமாகும் இடமும் உண்டு: கடல். 2004 டிசம்பர் 26 காலை சென்னையில் உணர்ந்தது லேசான ஆட்டம். தீவிரத்தை மட்டும் பார்த்திருந்தால் கவலைப்பட ஒன்றுமில்லை. சுமத்ராவை ஒட்டிய கடலடியில் முறிந்ததோ ஆயிரம் கி.மீ.-க்கு மேல், பருமன் 9.1. அலை மெரினாவுக்கு வர இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்தது.