நேரம் குறிப்பதா, உடனே அனுப்புவதா?

குளச்சல் மீனவர் குழுவுக்கு இரண்டு செய்திகள் போக வேண்டும். ஞாயிறு கூட்டத்தின் நினைவூட்டலை இரவே எழுதி, காலை 8 மணிக்கு நேரம் குறித்துவிடலாம். விடிவதற்குள் அதில் எதுவும் மாறாது. துபாயில் இருக்கும் உறுப்பினர்களுக்கு அப்போது 6.30தான். டெலிகிராமில் குறித்தால் கைபேசி அணைந்திருந்தாலும் செய்தி போய்விடும். கூகுள் மெசேஜஸில் குறித்த குறுஞ்செய்தி அப்படிப் போகாது.

முன்னறிகுறி இல்லாமல் கடல் பொங்கி வரும் கள்ளக்கடலுக்கான எச்சரிக்கைக்கு இந்த வசதியே வேண்டாம். கடல் தகவல் மையமான இன்காய்ஸ் மாலையில் அறிவித்த நேரத்தை இரவில் திருத்தக்கூடும். விடியலில் பழைய நேரம் போய்ச்சேர்ந்தால், இன்னும் பொழுதிருக்கிறது என்று நம்பி ஒருவர் வள்ளத்தை இறக்கிவிடுவார். நேரடியாக அனுப்பும்போது, “முட்டத்திலும் அப்படியா அண்ணே?” என்று கேட்பவருக்குப் பதில் சொல்லவும் ஆள் இருக்கும். எனவே அறிவிப்பு வந்ததும் அனுப்புங்கள். திருத்தம் வந்தால் பழையதை நீக்கிவிட்டு மறுபடியும் அனுப்புங்கள்.