ஊருக்குப் போன இடத்தில் மகனின் முழங்கை முறிவு: அந்த மூன்றாவது எக்ஸ்ரே

பள்ளி விடுமுறைக்குச் சிங்கப்பூரிலிருந்து திருவாரூர்ப் பக்கம் எங்கள் ஊருக்குப் போயிருந்தோம். 6 வயது மகன் கொல்லைச் சுவரிலிருந்து இடது கையை ஊன்றி விழுந்துவிட்டான். பிள்ளைகளோடு ஊருக்குப் போகிறவர்களுக்கு உதவும் என்பதால், அங்கே நடந்த வைத்தியத்தைக் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன்.

முதலில் பக்கத்து டவுனில் ஒரு கிளினிக். காத்திருக்க வைக்காமல் உடனே பார்த்தார்கள், எக்ஸ்ரேயும் அங்கேயே எடுத்தார்கள். முழங்கையை நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று. வெளிப்பக்கம் நகக்கீற்று மாதிரி மெல்லிய எலும்புத் துண்டு ஒன்று தெரிந்தது. "ஹேர்லைன்தான் சார், மாவுக்கட்டு போட்டுடலாம், 3 வாரம் கழிச்சு வாங்க" என்றார் அங்கிருந்த டாக்டர். பார்ப்பதற்கும் அப்படித்தான் இருந்தது. விரல்கள் நன்றாக அசைந்தன, மணிக்கட்டில் நாடி கிடைத்தது, பெரிய வீக்கம் இல்லை. முழங்கையின் வெளிப்பக்கம் மட்டும் கன்றிப்போய், தொட்டால் அலறினான்.

வீட்டில் அத்தை எண்ணெய்க் கட்டு கட்டுபவரிடம் கூட்டிப்போகச் சொன்னார்கள். சித்தப்பா மகன் கேட்கவில்லை. "முழங்கை விஷயம்ண்ணே, குழந்தைங்க எலும்பு டாக்டர்கிட்ட ஒரு தடவை காட்டிடுவோம்" என்று மறுநாளே தஞ்சாவூருக்கு வண்டி எடுத்துவிட்டான்.

அங்கே இருந்த டாக்டரம்மா பழைய படங்களைப் பார்த்துவிட்டு, கட்டைப் பிரித்து, கையை உட்பக்கமாகத் திருப்பி வைத்து இன்னொரு படம் எடுக்கச் சொன்னார். இன்டர்னல் ஆப்ளிக் என்று சீட்டில் எழுதினார். இந்த வகை முறிவின் கோடு முன்னாலிருந்து நேராகப் போகாமல் வெளிப்புறமும் பின்புறமுமாகச் சாய்ந்து ஓடுவதால், நேர்ப் படத்தில் துண்டும் எலும்பும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து இடைவெளி மறைந்துவிடும். கையைத் திருப்பியதும் அந்த இடைவெளி திரையில் தெளிவாகத் தெரிந்தது. அளந்து காட்டினார்: 3 மி.மீ.

லேட்டரல் காண்டைல் முறிவு என்று இதற்குப் பெயர். குழந்தைகளின் முழங்கை முறிவுகளில், மூட்டுக்குச் சற்று மேலே முறியும் சுப்ராகாண்டைலருக்கு அடுத்தபடியாக அதிகம் வருவது இதுதான், அதுவும் 6 வயதையொட்டி. அந்த வயதில் மேல்கை எலும்பின் கீழ்நுனி பெரும்பாலும் குருத்தெலும்பு. குருத்தெலும்பு எக்ஸ்ரேயில் விழாது. படத்தில் நாம் பார்த்த கீற்று, உடைந்த துண்டின் ஓரத்தில் ஒட்டியிருந்த எலும்பு மட்டுமே. உண்மையான துண்டு அதைவிடப் பல மடங்கு பெரியது, எலும்பு நீளமாக வளரும் இடமான வளர்ச்சித் தட்டைக் கடந்து மூட்டின் வழுவழுப்பான பரப்பு வரை போகிறது.

"3 மில்லி மீட்டர்தானே, கை எலும்பு தானாகச் சேர்ந்துவிடாதா?" என்று கேட்டேன். அவர் சொன்ன பதிலுக்காகவே இதை எழுதுகிறேன்.

மற்ற இடங்களில் எலும்பு முறிந்தால் சுற்றிலும் இரத்தம் கட்டி, அதிலிருந்துதான் புது எலும்பு உருவாகும். இந்த முறிவு மூட்டுக்குள் திறந்திருக்கிறது. இடைவெளி விழுந்தால் மூட்டு நீர் உள்ளே புகுந்து, கட்டிய இரத்தத்தைக் கரைத்துக்கொண்டே இருக்கும். இரண்டாவது, மணிக்கட்டையும் விரல்களையும் நிமிர்த்தும் தசைகள் இதே துண்டிலிருந்துதான் தொடங்குகின்றன. மாவுக்கட்டுக்குள் குழந்தை விரலை அசைக்கும்போதெல்லாம் அவை துண்டைப் பிடித்து இழுக்கும். நன்றாக விலகினால் துண்டு சுழன்றே போய், அதன் குருத்தெலும்புப் பக்கம் முறிந்த எலும்பைப் பார்த்து நின்றுவிடும். குருத்தெலும்பும் எலும்பும் எத்தனை மாதம் முகம் பார்த்து நின்றாலும் ஒட்டாது. அதோடு, துண்டுக்கு இரத்தம் போவதே பின்பக்கத்திலுள்ள சில சின்னக் குழாய்கள் வழியாகத்தான்.

சேராமல் போனால் என்ன ஆகும் என்பதை எங்கள் தெருவிலேயே பார்க்கலாம். நாலு வீடு தள்ளி இருக்கும் ஓர் அண்ணனுக்குச் சின்ன வயதில் முழங்கையில் அடிபட்டு, கட்டு கட்டியே விட்டுவிட்டார்கள். வலி போய்விட்டது, கபடிகூட ஆடினார். ஆனால் ஒட்டாத துண்டு மெல்ல மேலேயும் வெளியேயும் நகர, வெளிப்பக்க வளர்ச்சியும் குன்ற, உட்பக்கம் மட்டும் வழக்கம்போல் வளர்ந்திருக்கிறது. கையை நீட்டினால் முழங்கைக்குக் கீழே வெளிப்புறமாக வளைந்து போகிறது. முழங்கையின் உட்பக்கம் ஓடும் அல்னார் நரம்பு அந்த வளைவில் வருஷக்கணக்காக இழுபட்டு, இப்போது நாற்பது வயதுக்கு மேல் அவருக்குச் சுண்டுவிரலும் மோதிர விரலின் பாதியும் மரத்துப்போகின்றன. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே சதை குழிவிழுந்திருக்கிறது. சட்டைப் பொத்தான் போடச் சிரமப்படுகிறார். அடிபட்டதற்கும் இதற்கும் தொடர்பு உண்டு என்று அவரிடம் யாரும் சொன்னதே இல்லை.

சரி, மகன் விஷயம். 2 மி.மீ.க்குக் குறைவான விலகல் என்றால் மாவுக்கட்டே போதும், ஆனால் ஒரு வாரத்துக்குள் மறுபடி படம் எடுக்க வேண்டும். முதலில் விலகாதது கட்டுக்குள்ளேயே விலகக்கூடும். 3 வாரம் கழித்து வா என்பது இங்கேதான் ஆபத்தாகிறது. அதற்குள் துண்டைச் சுற்றித் தழும்பு படர்ந்து, பொருத்துவதே கடினமாகிவிடும். 4 மி.மீ.க்கு மேல் என்றால் திறந்து பொருத்துவதுதான் வழக்கம். நடுவில் இருந்தால் மூட்டுப் பரப்பின் குருத்தெலும்பு முழுசாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். முழுசாக இருந்தால் அது கீல்போலப் பிடித்துக்கொள்ளும், தோல் வழியாகக் கம்பி செருகினால் போதும்.

மயக்கம் கொடுத்தபின் மூட்டுக்குள் சாய மருந்து செலுத்திப் பார்த்தார்கள். சாயம் முறிவுக்குள் கசிந்தது, அதாவது பரப்பும் கிழிந்திருந்தது. அதனால் வெளிப்பக்கம் திறந்து, மூட்டுப் பரப்பைக் கண்ணால் பார்த்து நேர்ப்படுத்தி, கே-ஒயர் எனும் மெல்லிய கம்பிகள் இரண்டை விரித்த கோணத்தில் செலுத்தினார்கள். முன்பக்கத்திலிருந்து மட்டுமே வேலை செய்ததாகவும் பின்பக்கத் தசையைத் தொடவில்லை என்றும் டாக்டரம்மா படம் வரைந்து சொன்னார். அங்கே பிரித்தால் அந்த இரத்தக் குழாய்கள் அறுபட்டு, துண்டு உயிரிழந்துவிடும். கம்பி நுனிகளை வளைத்துத் தோலுக்கு வெளியே விட்டு, மேல்கை வரை கட்டுப் போட்டார்கள்.

கிளம்புமுன் அவர் கொடுத்த கடிதம் எனக்கு ரொம்பப் பிடித்தது. எந்தப் பக்கம், எத்தனை மி.மீ., திறந்து செய்ததா, எத்தனை கம்பி, எந்தத் தேதி, கம்பி எடுக்க உத்தேசமாக எந்த வாரம் என்று ஒரே பக்கத்தில் எழுதி, எல்லாப் படங்களையும் சிடியில் போட்டுத் தந்தார். இங்கே வந்ததும் சிங்கப்பூர் டாக்டர் ஒரு கேள்விகூடக் கேட்காமல் தொடர்ந்தார். நேர்ப் படத்தோடு அந்தத் திருப்பிய படத்தையும் எடுத்து, முறிவுக் கோட்டின் குறுக்கே புது எலும்பு தெரிந்த பிறகே கம்பியை உருவினார். பொதுவாக 4 முதல் 6 வாரம் ஆகும் என்றார்கள், எங்களுக்கும் அந்தக் கணக்கில்தான் முடிந்தது.

கட்டுப் பிரித்தபோது முழங்கை விறைத்துக் கிடந்தது. யாரும் பிடித்து மடக்க வேண்டாம், எண்ணெய் போட்டு நீவ வேண்டாம், விளையாட விட்டாலே சில மாதத்தில் வந்துவிடும் என்றார்கள், வந்தும்கொண்டிருக்கிறது. வெளிப்பக்கம் ஒரு சின்ன மேடு இருக்கிறது. முறிவைச் சுற்றி எலும்பு சற்று அதிகமாக வளர்வதால் வருவது, அசைவைத் தடுக்காது என்று தஞ்சாவூரிலேயே சொல்லியிருந்தார்கள். வளர்ச்சித் தட்டும் முறிவில் சம்பந்தப்பட்டதால் இரண்டு கைகளையும் நீட்டச் சொல்லிக் கோணத்தை ஒப்பிடுவதை இன்னும் சில வருஷங்களுக்குத் தொடர்வார்களாம். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது அந்த அண்ணனையும் அதே டாக்டரம்மாவிடம் கூட்டிப்போவதாகச் சித்தப்பா மகனிடம் சொல்லி வைத்திருக்கிறேன். நரம்பை இடம் மாற்றி வைக்கும் அறுவை சிகிச்சை உண்டாம். குழிவிழுந்த சதை திரும்புமா என்பது சந்தேகம், மரத்துப்போவதையாவது மேலும் கூடாமல் நிறுத்தப் பார்க்கலாம் என்றார்.