அதே இண்டெக்ஸ் ஃபண்டு, அதே 50 பங்குகள்: என் கையைவிட்டுப் போனது 2,03,000 ரூபாய்

நேற்றுக் காலை வங்கிக் கிளையிலிருந்து வந்த பதில் மின்னஞ்சலைப் படித்த கோபம் இன்னும் அடங்காத நிலையில் இதை எழுதுகிறேன். இண்டெக்ஸ் ஃபண்டில் பணம் போட்டிருப்பவர்களும் போட நினைப்பவர்களும் இதைப் படித்துவிட்டு, உடனே தங்கள் கணக்கு அறிக்கையை எடுத்துப் பார்க்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

2019 செப்டம்பர் இறுதியில், அப்பாவின் நிலத்தை விற்றதில் என் பங்காக 20 லட்சம் ரூபாய் வந்தது. அப்போது எனக்கு வயது 40. எழுபது வயதுவரை அந்தப் பணத்தைத் தொடுவதில்லை என்று முடிவு செய்து, நிஃப்டி 50 இண்டெக்ஸ் ஃபண்டில் போடத் தீர்மானித்தேன். செலவு குறைவு என்பதைப் படித்துத் தெரிந்துகொண்டுதான் அந்த முடிவுக்கு வந்தேன். நிஃப்டி 50 என்பது தேசியப் பங்குச் சந்தையின் பட்டியல். அதில் உள்ள 50 நிறுவனங்களையும், சந்தையில் புழங்கும் பங்குகளின் மதிப்புக்கு ஏற்ற விகிதத்தில் ஃபண்டு வாங்கி வைத்துக்கொள்கிறது. ஆண்டுக்கு இருமுறை பட்டியல் மாறும்போது ஃபண்டும் மாற்றிக்கொள்கிறது. எந்தப் பங்கை வாங்கலாம், எதை விற்கலாம் என்று மேலாளர் தம் விருப்பப்படி தேர்ந்தெடுப்பதில்லை. ஆகவே அதற்கென்று பெரிய கட்டணமும் தேவைப்படுவதில்லை.

எங்கள் குடும்பத்தின் சம்பளக் கணக்கும் நகைக் கடனும் பல ஆண்டுகளாக இருந்த வங்கிக் கிளைக்குப் போனேன். முதலீட்டுப் பிரிவில் இருந்தவர் அப்பாவின் மறைவுக்கு வீட்டுக்கு வந்து துக்கம் விசாரித்தவர். அவரிடம், "எனக்கு நிஃப்டி இண்டெக்ஸ் ஃபண்டுதான் வேண்டும், செலவு குறைவாக இருக்க வேண்டும்" என்று தெளிவாகச் சொன்னேன். "அதேதான் மேடம் போடுறேன், எல்லா இண்டெக்ஸ் ஃபண்டும் ஒண்ணுதான், நீங்க அலைய வேண்டாம்" என்றார். டீ வரவழைத்தார். கையெழுத்துப் போட வேண்டிய இடங்களில் பென்சிலால் பெருக்கல் குறி இட்டிருந்தார். குறி இருந்த ஐந்து இடங்களிலும் நான் கையெழுத்திட்டேன். படிவத்தின் மேல்பகுதியில் முகவர் எண்ணுக்கான கட்டத்தில் வங்கியின் எண் ஏற்கெனவே நிரப்பப்பட்டிருந்ததை நான் கவனிக்கவில்லை. என் பணம் ரெகுலர் திட்டத்தில் போவதற்கு அந்த ஒரு கட்டமே காரணம்.

ஒரே ஃபண்டில் இரண்டு திட்டங்கள் இருக்கின்றன என்பதே எனக்குத் தெரியாது. முகவர் வழியாக வாங்கினால் ரெகுலர், ஃபண்டு நிறுவனத்திடம் நாமே வாங்கினால் டைரக்ட். 2013 ஜனவரி முதல் எல்லா ஃபண்டுகளும் டைரக்ட் திட்டத்தையும் தர வேண்டும் என்பது பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான செபியின் விதி. பங்குகளும் மேலாளரும் இரண்டிலும் ஒன்றே. ரெகுலரில் முகவருக்குப் போகும் கமிஷன் கூடுதலாகக் கழிகிறது, அவ்வளவுதான். நான் வாங்கிய ஃபண்டில் ரெகுலர் திட்டத்தின் ஆண்டுச் செலவு விகிதம் 0.95 சதவீதம், டைரக்டில் 0.20 சதவீதம். இந்தச் செலவுக்கு யாரும் ரசீது தருவதில்லை. நாள்தோறும் சிறிது சிறிதாகக் கழித்த பிறகே யூனிட்டின் விலை அறிவிக்கப்படுகிறது. எனவே நம் கண்ணுக்கு விலை ஏறுவது மட்டுமே தெரிகிறது. எவ்வளவு கழிந்தது என்பது தெரிவதில்லை.

இதைக் கண்டுபிடித்தது சென்ற மாதம், பள்ளி ஆசிரியர் அறையில். சக ஆசிரியை ஒருவரும் அதே ஃபண்டு வைத்திருக்கிறார். இருவர் கைப்பேசியையும் மேசைமேல் அருகருகே வைத்துப் பார்த்தோம். ஃபண்டின் பெயர் ஒன்று, 50 நிறுவனங்களின் வரிசை ஒன்று, ஒவ்வொன்றின் விகிதமும் இரண்டாம் தசமப் புள்ளிவரை ஒன்று. யூனிட் விலை மட்டும் வேறு. அவருடைய திரையில் பெயரின் இறுதியில் டைரக்ட் என்று இருந்தது, என்னுடையதில் ரெகுலர் என்று இருந்தது. அன்றிரவு, நான் வாங்கிய அதே நாளில் டைரக்ட் திட்டத்தின் விலை என்ன, இன்று என்ன என்று எடுத்துக் கணக்கிட்டேன். என் 20 லட்சம் இன்று 44,01,000 ரூபாய். டைரக்டில் இருந்திருந்தால் 46,04,000 ரூபாய். வித்தியாசம் 2,03,000 ரூபாய். ஆறே ஆண்டுகளில்!

மறுநாள் கிளைக்குப் போனேன். அன்று டீ கொடுத்தவர் மாற்றலாகிப் போய்விட்டார். இப்போது இருப்பவர், "முக்கால் பர்சென்ட்தானே மேடம், மார்க்கெட் ஒரே நாள்ல அதைவிட ஏறி இறங்கும்" என்றார். சந்தை இறங்கினால் திரும்ப ஏறலாம். கழிந்த கட்டணம் திரும்ப வராது என்றேன். வாடிக்கையாளர் சேவை எண்ணுக்கு அழைக்கச் சொன்னார். அங்கே மூன்று முறை அழைத்தும் ஃபண்டு நிறுவனத்தைக் கேளுங்கள் என்றார்கள். ஃபண்டு நிறுவனமோ, முகவரைக் கேளுங்கள் என்றது. கடைசியாக வந்த அந்த மின்னஞ்சலில், "படிவத்தில் தாங்களே கையொப்பமிட்டுள்ளீர்கள், எங்கள் ஆலோசனைச் சேவைக்காகவே கமிஷன்" என்று எழுதியிருக்கிறார்கள். ஆறு ஆண்டுகளில் ஒருமுறைகூட என்னை அழைத்து எதையும் ஆலோசித்தவர்கள் அல்லர். வழிகாட்டும் முகவருக்குக் கூலி கொடுப்பதில் எனக்கு மறுப்பு இல்லை. செலவு குறைவாக வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்டவளிடம் டைரக்ட் என்ற ஒன்று இருப்பதையே மறைத்ததுதான் என் புகார். 2,03,000 ரூபாய் என்பது எனக்குப் பல மாதச் சம்பளம்.

முக்கால் சதவீதம் என்று அவர் அலட்சியமாகச் சொன்னதை 30 ஆண்டுகளுக்கு நீட்டிப் பார்த்தேன். கட்டணத்துக்கு முன் ஆண்டுக்கு 12 சதவீதம் வளர்ச்சி என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். 0.20 கழிந்தால் 11.80 சதவீதம், 20 லட்சம் 30 ஆண்டுகளில் சுமார் 5 கோடியே 68 லட்சமாகும். 0.95 கழிந்தால் 11.05 சதவீதம், கையில் இருப்பது சுமார் 4 கோடியே 64 லட்சம். 1 கோடியே 4 லட்சம் குறைகிறது. அதாவது நான் போட்ட முதலைப்போல் ஐந்து மடங்குக்கும் மேல். கட்டணம் அசலின்மேல் மட்டும் கணக்கிடப்படுவதில்லை, வளர்ந்து நிற்கும் மொத்தத்தின்மேல் ஆண்டுதோறும் கணக்கிடப்படுகிறது. போன பணம் ஈட்டியிருக்கக்கூடிய வட்டியும் வட்டிக்கு வட்டியும் சேர்ந்தே போகின்றன. முதல் ஆண்டில் 15,000 ரூபாய் அளவில் இருந்த வித்தியாசம், 44 லட்சம் இருக்கும் இப்போது ஆண்டுக்கு 33,000 ரூபாய்.

சரி, டைரக்டுக்கு மாற்றிவிடலாமே என்றால், அதே ஃபண்டுக்குள் மாற்றுவதும் விற்று வாங்குவதாகவே வரிச் சட்டத்தில் கொள்ளப்படுகிறது. என் லாபம் 24,01,000 ரூபாய். இந்த ஆண்டு விலக்கான 1,25,000 ரூபாய் போக மீதிக்கு 12.5 சதவீத வரியும் அதன்மேல் கூடுதல் தீர்வையும் சேர்த்தால் ஏறக்குறைய 2,96,000 ரூபாய். இழந்த 2,03,000 போதாதென்று இதையும் ஒரே மூச்சில் கட்ட முடியாமல், லாபம் விலக்கு வரம்பைத் தாண்டாதபடி ஆண்டுக்குச் சுமார் 2,29,000 ரூபாய் மதிப்புள்ள யூனிட்டுகளை மட்டும் மாற்றிக்கொண்டுவர முடிவு செய்திருக்கிறேன். மீதிப் பணத்தில் கமிஷன் போய்க்கொண்டேதான் இருக்கும்.

என்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன். கை நடுங்குகிறது, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஃபண்டின் பெயரில் டைரக்ட் என்ற சொல் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். ஆண்டுக்கு இருமுறை வரும் ஒருங்கிணைந்த கணக்கு அறிக்கையில் முகவருக்குப் போன கமிஷன் ரூபாயில் அச்சிடப்பட்டிருக்கும். நான் அதைத் திறக்காமலே அடுக்கி வைத்தேன், நீங்கள் அப்படி வைக்காதீர்கள். எல்லா ஃபண்டிலும் இடைவெளி இவ்வளவு பெரிதாக இராது, ஆனால் உங்களுடையதில் எவ்வளவு என்று கேட்காமல் விடாதீர்கள். படிவத்தில் முகவர் எண் கட்டத்தைப் பார்க்காமல் கையெழுத்திடாதீர்கள். நான் இப்போது செபியின் ஸ்கோர்ஸ் தளத்தில் புகாரைப் பதிவு செய்யப் போகிறேன்.