சியா, ஆளி, எள்: ஒரு ஸ்பூனில் என்னதான் இருக்கிறது?

சியா பாக்கெட்டின் பின்பக்கம் பார்த்தால் 100 கிராமுக்குப் புரதம் 16 கிராமுக்கு மேல் என்று போட்டிருக்கும். முட்டையில் அதே 100 கிராமுக்குப் பன்னிரண்டரை கிராம்தான். உடனே "முட்டையை விட சியாவில் புரதம் அதிகம்" என்று யாராவது கிளம்பிவிடுவார்கள். முட்டையில் முக்கால் பங்கு தண்ணீர், விதையிலோ தண்ணீர் என்பதே கொஞ்சம்தான், அதனால்தான் எண் பெரிதாகத் தெரிகிறது. அதோடு 100 கிராம் சியாவை ஒரு வேளையில் யாரும் சாப்பிடுவதில்லை, நாம் போடுவது ஸ்பூன் கணக்கில். அப்போது அந்தக் கணக்கில்தானே பார்க்க வேண்டும்?

முதலில் எந்த ஸ்பூன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். இங்கே சொல்வது 15 மில்லி பிடிக்கும் டேபிள்ஸ்பூன். நம் வீடுகளில் சர்க்கரை டப்பாவில் கிடப்பது பெரும்பாலும் 5 மில்லி டீஸ்பூன், அதில் அள்ளினால் கீழே ஒரு ஸ்பூனுக்கு வரும் எண்களை மூன்றால் வகுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு டேபிள்ஸ்பூன் சியா சுமார் 12 கிராம் எடை. புரதம் 2 கிராம், கொழுப்பு மூன்றரைக்குக் கொஞ்சம் மேல், நார்ச்சத்து 4 கிராம். முழு ஆளி விதை 10 கிராம் நிற்கும், அதில் புரதம் 2 கிராமுக்குச் சற்றுக் குறைவு, கொழுப்பு 4 கிராமுக்கு மேல், நார் மூன்றுக்குக் கிட்டே. எள் 9 கிராம்தான் பிடிக்கும்: புரதம் ஒன்றரை, கொழுப்பு நாலரை, நார் ஒரு கிராம். கலோரி மூன்றிலுமே 50-லிருந்து 60-க்குள்.

ஆகப் புரதப் போட்டியில் யாரும் ஜெயிக்கவில்லை. அரை கிராம் வித்தியாசத்துக்காக விலை அதிகமான விதையை வாங்குவதில் அர்த்தமே இல்லை. நாரில்தான் உண்மையான இடைவெளி, சியா எள்ளைப் போல நாலு மடங்கு. கொழுப்பில் எள் முன்னால் நிற்கிறது, ஆனால் எந்தக் கொழுப்பு என்று கேட்டால் கதை மாறும், ஒமேகா-3 வேண்டுமென்றால் சியாவும் ஆளியும்தான், எள்ளில் அது பெயருக்குத்தான்.

ஆளியில் ஒரு சிக்கல் உண்டு. முழு விதையை மெல்லாமல் விழுங்கினால் வழவழப்பான தோல் உடையாமல் அப்படியே வெளியே போய்விடும், கொழுப்பும் புரதமும் உள்ளேயே பூட்டிக் கிடக்கும். அதனால் பொடித்துத்தான் சாப்பிட வேண்டும். பொடித்தாலோ காற்று புகுந்து லேசாகிவிடும், ஒரு டேபிள்ஸ்பூன் பொடி 7 கிராம்தான் வரும், புரதம் ஒன்றேகால் கிராமுக்கு இறங்கிவிடும். முழு விதை ஒரு ஸ்பூனுக்குப் போட்ட கணக்கை வைத்துக்கொண்டு பொடியை அளப்பவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். பொடியை ஃபிரிட்ஜில் வையுங்கள், பெயிண்ட் மாதிரி வாடை அடித்தால் எண்ணெய் கெட்டுவிட்டது, கொட்டிவிடலாம்.

சரி, அளவு குறைவு என்றால் ஸ்பூனைக் கூட்டினால் போச்சு என்று தோன்றும். கூட்டிப் பார்ப்போம். காலை உணவில் 15 கிராம் புரதம் சியாவிலிருந்தே வேண்டும் என்றால் 90 கிராம் போட வேண்டும், அதாவது ஏழரை டேபிள்ஸ்பூன். கூடவே 440 கலோரி, 28 கிராம் கொழுப்பு, 31 கிராம் நார் வந்து சேரும். ஒரு நாளைக்குத் தேவையான நார் மொத்தமும் ஒரே கிண்ணத்தில். தன் எடையைப் போலப் பத்து மடங்கு தண்ணீரை இழுக்கும் விதை என்பதால் ஏறக்குறைய ஒரு லிட்டர் கூழ் ஆகும், வயிறு உப்பிக்கொள்ளும். அதே 15 கிராம் புரதத்துக்கு இரண்டரை முட்டை போதும், கலோரி 200-ஐத் தாண்டாது. இந்த விதைகளின் கலோரியில் பாதிக்கு மேல் கொழுப்பிலிருந்து வருகிறது, புரதத்தின் பங்கு ஏழில் ஒன்றுதான், துவரம்பருப்பில் அது கால் பங்கு. எத்தனை ஸ்பூன் போட்டாலும் இந்த விகிதம் மாறாது.

உலர்ந்த சியாவை வாயில் போட்டுத் தண்ணீர் குடிக்கும் வேலை மட்டும் வேண்டாம். 2014-இல் அமெரிக்க மருத்துவர்கள் வெளியிட்ட ஒரு சம்பவத்தில், ஒருவர் ஒரு ஸ்பூன் உலர் விதையைத் தின்றுவிட்டுத் தண்ணீர் குடிக்க, அது உணவுக்குழாயிலேயே ஊதி அடைத்துக்கொண்டு, எண்டோஸ்கோப்பி குழாய் விட்டு அதைக் கொஞ்சம் கொஞ்சமாக வயிற்றுக்குள் தள்ள வேண்டியதாயிற்று. கால் மணி நேரமாவது ஊறட்டும். நிமிடங்களில் ஊதிவிடுகிறதென்றால் கடைக்காரர் கொடுத்தது அநேகமாக சப்ஜா.

என் ஓட்டு? நாருக்கு ஊறிய சியா ஒரு ஸ்பூன், அல்லது விலை பார்த்தால் ஆளிப்பொடி இரண்டு ஸ்பூன், ஏறக்குறைய அதே நார் கிடைக்கும். எள்ளை இந்தப் பந்தயத்தில் இழுக்கவே வேண்டாம், அதன் இடம் இட்லிப்பொடியில். புரதத்தைக் கட்டும் அமினோ அமிலங்களில், எள்ளில் லைசின் குறைவு, மெத்தியோனின் தாராளம்; உளுந்தில் நேர் எதிர். இரண்டையும் வறுத்து அரைக்கும் இட்லிப்பொடியில் ஒன்றின் குறையை மற்றது ஈடுகட்டும். ஆனால் அந்தப் பொடியிலும் புரதத்தில் பெரும்பங்கு உளுந்துடையதுதான்.